நிதி விருந்துக் கூட்டக் குறிப்பு எழுதும் முறை

கோல சிலாங்கூர், ஈஜோக் வட்டாரத் தோட்டங்களில் நிதி விருந்து நடத்த எண்ணும் சங்கத்தார், முதற் கூட்டக் குறிப்பில் எழுத வேண்டியவற்றை ஓர் உதாரணத்தால் காண்போம்.

முதலாவது, நாள். 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி மாதச் சம்பளம் அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் தரப்பட வேண்டும். சம்பளம் கிடைத்த பின்னரே டிக்கெட் விலைபோகும். ஆதலின் விருந்தை மூன்றாம் ஞாயிறன்று வைப்போம்.

இரண்டாவது, வரவு செலவு. டிக்கெட் 15 வெள்ளி, அச்சடிப்பது 300. சாப்பாட்டுச் செலவு தலைக்கு 7 வெள்ளி. பந்தல், நாற்காலி, அச்சுக்கூலி 600 வெள்ளி. எல்லாம் விற்றால் மிச்சம் 1,800 வெள்ளி. 180 மட்டுமே விற்று, 300 பேருக்குச் சமைத்துவிட்டால் மிச்சம் ஒன்றுமில்லை. 180 பேருக்கே சமைத்தால் 840 வெள்ளி மிஞ்சும்.

எனவே மூன்றாவது, பொறுப்பு. தோட்டத்திற்கு ஒருவர் பெயரையும், அவர் பெற்ற டிக்கெட் எண்களையும் எழுதுக. வியாழன் இரவுக்குள் பணம், அடிக்கட்டை, விற்காத டிக்கெட் யாவும் பொருளாளரிடம் சேர வேண்டும். அந்தக் கணக்கைப் பார்த்த பிறகே சமையற்காரருக்கு அளவு சொல்ல வேண்டும். "அங்கத்தினர் விற்பர்" என்று பொதுவாக எழுதிய குறிப்பை வைத்து, வராத பணத்தை யாரிடம் கேட்பது?