கவனக்குறைவு என்று எழுதும் முன்

அன்புள்ள தம்பிக்கு,

நீ கொடுத்துவிட்டுப் போன பிழை நோட்டை நேற்றிரவு உட்கார்ந்து முழுவதும் படித்தேன். ஆறு மாதிரித் தேர்வுகள், இயற்பியலில் மட்டும் 62 தவறுகள். அவற்றில் 38-க்கு எதிரே 'கவனக்குறைவு' என்று எழுதியிருக்கிறாய். 15-க்குக் 'கருத்துக் குறை', மீதி 9-க்குக் 'கேள்வியைத் தவறாகப் படித்தேன்'. நீட் தேர்வை இரண்டாவது முறை எழுதப்போகிறவனிடம் மாதிரித் தேர்வு ஏன், நோட்டு ஏன் என்று சொல்ல வேண்டியதில்லை. நேராக என் கோபத்துக்கு வருகிறேன். அந்த 38-ஐ நான் நம்பவில்லை.

மூன்றாவது தேர்வில் ஒரு குழிலென்சு கணக்கு. குவியத் தொலைவு 20 செ.மீ., பொருள் 30 செ.மீ. தூரத்தில். நீ f = +20 என்று வைத்து, 1/v − 1/u = 1/f என்பதில் போட்டு, v = 60 செ.மீ. என்று குறித்திருக்கிறாய். பக்கத்தில் 'குறி மாறிவிட்டது, கவனக்குறைவு' என்ற ஒரு வரி. ஐந்தாவது தேர்வில் குவி ஆடி. குவியத் தொலைவு 15 செ.மீ., பொருள் 10 செ.மீ. தூரத்தில். இங்கே f = −15 என்று போட்டதால் 30 செ.மீ. வந்தது. இதற்கும் அதே வரி.

கை தவறுவது எவருக்கும் நடக்கும். ஆனால் வந்த விடையை நீ பார்த்தாய் அல்லவா? குழிலென்சின் முன்னால் ஒரு பொருளை எங்கே வைத்தாலும், பொருள் இருக்கும் பக்கத்திலேயே, குவியத் தொலைவுக்குள்ளேதான் மாய பிம்பம் விழும். குவி ஆடியில் பிம்பம் ஆடிக்குப் பின்னால், ஆடி முனைக்கும் குவியத்துக்கும் நடுவில்தான். இது மனத்தில் படமாக இருப்பவன் 60 என்ற எண்ணைக் கண்டதும் பேனாவை நிறுத்தியிருப்பான். லென்சில் −12, ஆடியில் +6 என்ற சரியான விடைகள் இரண்டுமே அந்த எல்லைக்குள் நிற்பதைப் பார். உனக்கு 60-உம் 30-உம் உறுத்தவில்லை. குறி என்பது குவியமும் பிம்பமும் எந்தப் பக்கம் இருக்கின்றன என்று சொல்லும் செய்தி என்பதே உனக்குள் இறங்கவில்லை. இரண்டு வாரம் இடைவெளி விட்டு வந்த இரண்டும் ஒரே ஓட்டை, அதுவும் கருத்தில் உள்ள ஓட்டை. நீ அதைக் கவனக்குறைவு என்ற பெயரில் மூடிவைத்ததால் ஒளியியல் பாடத்துக்குத் திரும்பவே இல்லை.

என்னை எரிச்சலூட்டுவது இதுதான். கவனக்குறைவு என்று எழுதினால் மனத்துக்கு இதமாக இருக்கிறது. 'எனக்குத் தெரியும், கைதான் தவறியது' என்று நினைத்துக்கொள்ளலாம். அதனால்தான் நோட்டு போடுகிற எல்லாப் பிள்ளைகளுக்கும் அந்தக் கட்டம்தான் முதலில் நிரம்புகிறது. எந்தத் தவறு எந்த வகை என்பதை உன் மனம் முடிவு செய்யக் கூடாது. திரும்பப் போட்டுப் பார்த்து முடிவு செய்ய வேண்டும்.

எப்படி என்று சொல்கிறேன். தேர்வு முடிந்ததும் விடைக்குறிப்பை நீ தொடாதே. அக்காவிடம் கொடுத்து, தவறான கேள்விகளின் எண்களோடு நீ சரியாகப் போட்ட நாலைந்து எண்களையும் கலந்து எழுதி வாங்கு. எது தவறு என்று தெரிந்துவிட்டால் பழைய விடையை விலக்கியே சரியானதைப் பிடித்துவிடுவாய், சோதனை கெட்டுவிடும். மறுநாள் வெற்றுத்தாளில், நான்கு விடைகளையும் மறைத்துவிட்டு, நேரம் பார்க்காமல் போடு. போடத் தொடங்கும் முன் கேள்வி என்ன கேட்கிறது என்று வாய்விட்டு உன் சொற்களில் சொல்.

உன் இரண்டாவது தேர்வில், ஓய்வு நிலையிலிருந்து விழும் கல் மூன்றாவது விநாடியில் எவ்வளவு தூரம் கடக்கும் என்று கேட்டிருந்தார்கள். நீ 45 மீட்டர் என்று குறித்தாய். g = 10 என்றால் அது மூன்று விநாடிகளில் கடந்த தூரம். கேட்டது மூன்றாவது விநாடியில் மட்டும் கடந்ததை. 45-இலிருந்து முதல் இரண்டு விநாடிகளின் 20-ஐக் கழித்தால் 25. மறுநாள் கேள்வியைச் சொல்லும்போதே 'அட, மூன்றாவது விநாடி மட்டும்!' என்று நின்றால், அது தவறாகப் படித்தது. சரியாகச் சொல்லிவிட்டு மறுபடி 45 போட்டால் கருத்துக் குறை. நேற்றும் சரியாகவே படித்திருந்தேன் என்பது பழைய வேலைத்தாளில் தெரிந்து, இன்று எந்தத் துணையும் இல்லாமல் 25 வந்தால் மட்டுமே கவனக்குறைவு. இந்த ஒரு கேள்வி மூன்று கட்டத்திலும் விழக்கூடியது. நீ எந்தச் சோதனையும் இல்லாமல் கவனக்குறைவில் போட்டுவிட்டாய்.

நுழைவுத்தேர்வு இருந்த காலத்தில் (2006 சட்டத்தால் அது போவதற்குச் சில ஆண்டுகள் முன்பு) என்னிடம் மாலையில் படித்த ஒரு பெண்ணின் நோட்டு நினைவுக்கு வருகிறது. கோடு போட்ட லாங் சைஸ் நோட்டு. சரியான விடையை அவள் எங்குமே எழுதவில்லை, அது புத்தகத்தில் இருக்கிறதே என்பாள். தேர்வின்போது தன் தலையில் ஓடியதைத்தான் எழுதுவாள். 'உராய்வு எப்போதும் இயக்கத்துக்கு எதிர் என்று நினைத்து, லாரி மேல் இருக்கும் பெட்டிக்கும் பின்னோக்கிப் போட்டேன்' என்று ஒரு பதிவு. லாரி வேகமெடுக்கும்போது பெட்டியை முன்னே கொண்டுபோவதே அந்த உராய்வுதான் என்பது அதற்குப் பிறகு அவளுக்கு மறக்கவே இல்லை. உன் நோட்டில் பக்கம் பக்கமாக விடைக்குறிப்பிலிருந்து பார்த்து எழுதிய தீர்வுகள். அழகான கையெழுத்து. ஆனால் நீ என்ன நினைத்தாய் என்பது ஒரு இடம் தவிர எங்கும் இல்லை.

அந்த ஒரு இடத்தைச் சொல்லாமல் விட மாட்டேன். நான்காவது தேர்வின் கூற்று–காரணம் கேள்விக்கு, 'இரண்டும் சரி என்று பார்த்தேன், காரணம் அந்தக் கூற்றை விளக்குகிறதா என்று கேட்டுக்கொள்ளவில்லை' என்று எழுதியிருக்கிறாய். இத்தனை வருடத்தில் நான் பார்த்த பிழைப் பதிவுகளில் தலைசிறந்தவற்றில் இது ஒன்று. அதன் பிறகு அந்த வகைக் கேள்வியில் நீ ஒன்றுகூடத் தவறவில்லை என்பதை உன் நோட்டே காட்டுகிறது. மற்ற 61-ஐயும் இப்படி எழுதியிருக்கக் கூடாதா?

சோதித்த பிறகும் கவனக்குறைவாகவே நிற்பவை சில இருக்கும். அவற்றுக்கு எதிரே 'இனி கவனமாக இருக்க வேண்டும்' என்று எழுதாதே. என்ன செய்யும்போது தவறியது என்று எழுது: கேள்வியிலிருந்து எண்ணை எடுத்தெழுதும்போதா, செ.மீ.-ஐ மீட்டராக்கும்போதா, ஓ.எம்.ஆர். தாளில் வட்டத்தை நிரப்பும்போதா. எத்தனையாவது நிமிடம் என்பதையும் குறி. நீ உயிரியல், வேதியியல் முடித்து, கடைசியில் இயற்பியலுக்கு வருகிறாய். 180 நிமிடத் தேர்வில், உன் அலகுத் தவறுகள் எல்லாம் கடைசி அரை மணி நேரத்தில் போட்ட கணக்குகளில்தான் வந்திருக்கின்றன. வேதியியலுக்கு முன்னால் இயற்பியலை வைத்து ஒரு தேர்வு எழுதிப் பார். அவை குறைந்தால், காரணம் நேரம்தான் என்று தெரிந்துவிடும்.

தவறாகப் படித்தவற்றைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. 9-இல் ஏறக்குறைய பாதி 'சரியற்றது எது' என்ற வகை. அந்தச் சொல்லுக்கு அடியில் கோடிட்ட பிறகே விடைகளுக்குப் போ. தமிழில் எழுதுகிறவன் நீ. கேள்வி குழப்பினால் பக்கத்தில் உள்ள ஆங்கில வடிவத்தையும் ஒருமுறை பார், முரண் வந்தால் அதுதான் செல்லும்.

ஏழாவது மாதிரித் தேர்வை இப்போது எழுதாதே. அந்த 38-ஐயும் வெற்றுத்தாளில் திரும்பப் போடு. ஒவ்வொன்றுக்கும் எதிரே அன்றைக்கு நீ நினைத்ததை ஒரு வரி எழுதி, நோட்டை மறுபடி என்னிடம் கொண்டு வா. ஒளியியலில் இருந்து தொடங்கு.

அன்புடன்,
உன் பழைய இயற்பியல் வாத்தியார்