பெருநாள் வவுச்சர் விற்ற பணம் யாருடையது?

பெருநாள் சீசனில் கிப்ட் வவுச்சர் விற்கும் வழக்கம் இப்போது கொழும்பின் பெரிய கடைகளோடு நிற்கவில்லை. ஊர்களில் உள்ள புடவைக் கடை, சப்பாத்துக் கடை, பேன்ஸிக் கடைகளிலும் ஐயாயிரம், பத்தாயிரம் ரூபா வவுச்சர்கள் அச்சடித்து விற்கப்படுகின்றன. மாமி மருமகளுக்குக் கொடுக்கிறார், கம்பனிக்காரர் ஊழியர்களுக்குக் கொடுக்கிறார். கடைக்காரருக்கோ சாமான் எதுவும் கொடுக்காமலேயே காசு கைக்கு வருகிறது. சந்தோஷமான விடயம்தான். ஆனால் அந்தக் காசைக் கணக்கேட்டில் எங்கே எழுதுவது என்ற இடத்தில்தான் நம்மவர்களில் பலர் தடுக்கி விழுகிறார்கள்.

நான் கணக்குப் பார்த்துக் கொடுக்கும் கடை முதலாளி ஒருவர் இதைப்பற்றிக் கதைக்கும்போது, “சல்லி பெட்டிக்குள்ள வந்திட்டுத்தானே, இனி அது யாவாரம்தானே நானா?” என்று கேட்டார். அவர் மட்டுமல்ல, பெரும்பாலானோர் நினைப்பது இதுதான். ஆனால் அது யாவாரம் அல்ல. அது கடன். வவுச்சரை வாங்கியவருக்கு நீங்கள் இன்னும் ஒரு முழத் துணியும் கொடுக்கவில்லை. கொடுப்பதாக எழுத்தில் வாக்குத் தந்திருக்கிறீர்கள். அதைக் கொடுக்கும்வரை அந்த ஐயாயிரம் ரூபாவுக்கு நீங்கள் அவருக்குக் கடமைப்பட்டவர். கணக்கியலில் இதைப் பொறுப்பு என்பார்கள். ஐந்தொகையில் வங்கிக் கடனும் புறக்கோட்டைக் கடைகளுக்குக் கொடுக்கவேண்டிய பாக்கியும் எந்தப் பக்கத்தில் நிற்கின்றனவோ, அதே பக்கத்தில்தான் வவுச்சர் பணமும் நிற்கவேண்டும்.

ஒரு புடவைக் கடையை உதாரணமாக எடுப்போம். விளங்குவதற்காக எண்களை எளிதாக்கியிருக்கிறேன். கடை நானா, தம்பி இருவருடைய பங்கு வியாபாரம். இலாபம் பாதிக்குப் பாதி. கணக்காண்டு மார்ச் 31இல் முடிகிறது. 2024இல் நோன்பு மார்ச் நடுப்பகுதியில் தொடங்கி, பெருநாள் ஏப்ரலில் வந்தது. அப்படியொரு வருடத்தில் மார்ச் மாதத்துக்குள் இவர்கள் 5,000 ரூபா வவுச்சர்கள் 200 விற்றார்கள் என்று வைத்துக்கொள்வோம். கைக்கு வந்தது 10 இலட்சம். மார்ச் 31க்கு முன் அவற்றில் 3 இலட்சத்துக்கான வவுச்சர்களே கடைக்குத் திரும்பி வந்தன. மற்றவர்கள் பெருநாளைக்கு முந்திய வாரம் வருவார்கள். கடையின் சாமான்கள் 100 ரூபாவுக்கு விற்றால் 75 ரூபா கிரயம் உள்ளவை.

சரியாக எழுதினால் வவுச்சர் விற்ற அன்று காசுக் கணக்கு வரவு 10 இலட்சம், ‘வவுச்சர் பொறுப்பு’ என்று தனியாகத் திறந்த கணக்கு செலவு 10 இலட்சம். விற்பனைக் கணக்கை அன்று தொடவே கூடாது. பிறகு ஒருவர் வவுச்சரைக் கொண்டுவந்து சாமான் எடுக்கும்போதுதான் வவுச்சர் பொறுப்பை வரவு வைத்து, விற்பனையைச் செலவு வைக்கவேண்டும். மார்ச் 31இல் விற்பனை 3 இலட்சம், கிரயம் 2 இலட்சத்து 25 ஆயிரம், மொத்த இலாபம் 75 ஆயிரம். மிச்சம் 7 இலட்சம் ஐந்தொகையில் நடைமுறைப் பொறுப்பாக நிற்கும்.

பிழையாக எழுதினால் என்ன ஆகும்? பத்து இலட்சமும் விற்பனை. போன சாமான் 2 இலட்சத்து 25 ஆயிரத்துக்குத்தான். ஆகவே இலாபம் 7 இலட்சத்து 75 ஆயிரம் என்று ஏடு காட்டும். இல்லாத இலாபம் 7 இலட்சம்! வருமான வரி விவரத்திரட்டிலும் அந்தத் தொகைதான் போகும். இதைவிட மோசம் பங்குப் பிரிப்பு. அந்த ஏட்டை நம்பி ஆளுக்கு மூன்றரை இலட்சம் கூடுதலாக எடுத்துவிட்டார்கள் என்றும், தம்பி அந்த மார்ச்சோடு விலகித் தனிக்கடை போட்டுவிட்டார் என்றும் வையுங்கள். ஏப்ரல் முதல் வாரத்தில் 7 இலட்சத்து வவுச்சர்களோடு ஆட்கள் நானாவிடம்தான் வருவார்கள். அவர் கொடுக்கவேண்டிய சாமான் 5 இலட்சத்து 25 ஆயிரம் கிரயம் உள்ளது. அந்தப் பணத்தில் அவர் கையில் இருப்பதோ மூன்றரை இலட்சம். தன் சொந்தக் காசிலிருந்து 1 இலட்சத்து 75 ஆயிரத்தை வைத்துத்தான் தம்பியும் சேர்ந்து கொடுத்த வாக்கை நிறைவேற்றவேண்டும். முறையாக எழுதியிருந்தால் அந்த 7 இலட்சமும் கடையிலேயே இருந்திருக்கும். ஏப்ரலில் அதே 1 இலட்சத்து 75 ஆயிரம் நானாவுக்கு இலாபமாக வந்திருக்கும். இத்தனைக்கும் இதில் தம்பி ஏமாற்றவில்லை. ஏடு இருவரையும் ஏமாற்றியிருக்கிறது.

பங்காளி விலகாத கடையிலும் இந்த நெருக்கடி வேறு உருவத்தில் வரும். ஏப்ரலில் கடை நிறைய ஆட்கள், சாமான் போகிறது, பெட்டியில் காசு விழுவதில்லை. மார்ச்சில் எடுத்த சரக்குக்குக் கொடுத்த பின்திகதியிட்ட காசோலைகளோ அப்போதுதான் வங்கிக்கு வரும். வவுச்சர் பணத்தை வேறொரு காணிக்கோ வாகனத்துக்கோ போட்டிருந்தால் காசோலை திரும்பும்.

இனி, வவுச்சர் திரும்பி வரும்போது காசாளர் என்ன செய்கிறார் என்று பாருங்கள். பெரும்பாலான குழப்பம் அங்கேதான். மெஷினில் சாதாரணக் காசு விற்பனையாகவே பில் அடித்தால், விற்ற அன்று ஒருமுறையும் திரும்பிய அன்று ஒருமுறையும் ஒரே வியாபாரம் இரண்டு தடவை எழுதப்படும். நமது உதாரணத்தில் வவுச்சர்களுக்காக வந்த காசு 10 இலட்சம், ஆனால் விற்பனை 13 இலட்சம் என்று வரும். அந்த 3 இலட்சம் பெட்டியில் குறைகிறதே என்று தேடத் தொடங்குவீர்கள். சிலர் இதைத் தவிர்ப்பதாக நினைத்துக்கொண்டு, ‘இதற்குத்தான் முன்பே காசு வாங்கிவிட்டோமே’ என்று பில்லே போடாமல் சாமானைக் கொடுக்கிறார்கள். அப்போது காசு சரியாக வரும், ஸ்டொக் குறையும். கிரயப்படி 2 இலட்சத்து 25 ஆயிரத்துக்குச் சாமானைக் காணோம் என்று வந்தால் முதலில் சந்தேகம் விழுவது கடையில் வேலைசெய்யும் பொடியன் மேல்தான். அவன் பாவம், எந்த விளக்கமும் சொல்லத் தெரியாமல் நிற்பான். ஆகவே காசு குறைந்தாலும் ஸ்டொக் குறைந்தாலும், ஆளைப் பிடிப்பதற்கு முன் அந்த மாதம் திரும்பிய வவுச்சர்களைக் கூட்டிப் பாருங்கள். குறைவு அந்தத் தொகையோடு, அல்லது அதன் கிரயத்தோடு ஒத்துவந்தால் காரணம் கிடைத்துவிட்டது.

கிரெடிட் நோட்டும் இதே இனம்தான், பிறந்த வழி மட்டும் வேறு. 6,000 ரூபாவுக்கு விற்ற சல்வாரை ஒருவர் திருப்பிக் கொண்டுவருகிறார். காசு தராமல் கிரெடிட் நோட் எழுதிக் கொடுக்கிறீர்கள். முதலில் அந்த விற்பனை ரத்தாகவேண்டும்: விற்பனைத் திரும்பல் வரவு 6,000, கிரெடிட் நோட் பொறுப்பு செலவு 6,000. சல்வார் 4,500 ரூபா கிரயத்தில் ஸ்டொக்குக்குத் திரும்பும். அதில் கிடைத்த 1,500 ரூபா இலாபமும் போய்விடும். பிறகு அவர் 4,200 ரூபாவுக்கு ஒரு சேர்ட் எடுத்தால் பொறுப்பில் 4,200 கழிந்து 1,800 மிஞ்சும். அந்த 1,800ஐப் பழைய துண்டின் பின்பக்கம் பேனையால் எழுதிக் கொடுப்பது நம் கடைகளில் வழக்கம். அதைச் செய்யாதீர்கள். பழைய துண்டை வாங்கி ரத்துச் செய்து, புது இலக்கத்தில் 1,800க்குப் புதிய நோட் கொடுங்கள். கிரெடிட் நோட் மூலம் களவு நடப்பதும் உண்டு. யாரும் எதையும் திருப்பித் தராமலேயே நோட் எழுதி, கூட்டாளியிடம் கொடுத்தனுப்பலாம். பழைய பில் இலக்கம் எழுதப்படாத நோட்டுக்கு, முதலாளியின் கையெழுத்து இல்லாமல் சாமான் போகக்கூடாது.

இதற்குப் பெரிய கணினி முறை தேவையில்லை. ஒரு கொப்பியில் வவுச்சர் இலக்கம், விற்ற திகதி, வாங்கிய காசு, திரும்பிய திகதி, அப்போதைய பில் இலக்கம் ஆகியவற்றை எழுதுங்கள். கிரெடிட் நோட்டுக்கு வேறு கொப்பி. மாதக் கடைசியில் திரும்பாமல் நிற்பவற்றைக் கூட்டினால் வரும் தொகையும் பேரேட்டிலுள்ள பொறுப்பு மீதியும் ஒன்றாக இருக்கவேண்டும். ‘வாங்கிய காசு’ என்று நான் எழுதியதைக் கவனியுங்கள். கம்பனிக்கு 5,000 ரூபா வவுச்சரை 4,500க்குக் கொடுத்திருந்தால் பொறுப்பு 4,500தான். திரும்பி வரும்போது விற்பனையும் 4,500தான்.

வவுச்சர் வைத்திருப்பவர் கடன் கொடுத்தவரே என்பதை அமெரிக்காவில் ஒரு கடை மூடும் நிலைக்கு வந்தபோது உலகம் பார்த்தது. 2008 பெப்ரவரியில் ‘ஷார்ப்பர் இமேஜ்’ என்ற சங்கிலிக் கடை வங்குரோத்துப் பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றம் போனது. உடனே கிப்ட் கார்டுகளை ஏற்பதை நிறுத்தியது. கார்டு வைத்திருந்தவர்கள் பிணையில்லாத கடன்காரர் வரிசையில் போய் நின்றார்கள். பிறகு, கார்டின் பெறுமதியைப்போல் இரு மடங்குக்குச் சாமான் வாங்கினால் மட்டும் ஏற்போம் என்று அறிவித்தது.

கடைசியாக, திரும்பியே வராத வவுச்சர்கள். சிலர் தொலைத்துவிடுவார்கள், சிலர் மறந்துவிடுவார்கள். பெரிய நிறுவனங்களுக்கு இது சின்னத் தொகையல்ல. ஸ்டார்பக்ஸ் 2023 நிதியாண்டில் பாவிக்கப்படாத கார்டுப் பணத்திலிருந்து 200 மில்லியன் டொலருக்கு மேல் வருமானமாக எடுத்தது. 2018 ஜனவரி முதல் நடைமுறையிலுள்ள சர்வதேச நிதி அறிக்கையிடல் நியமம் 15 இதற்கு வழி சொல்கிறது. இவ்வளவு வராது என்று முன்னனுபவத்தால் நம்பகமாகக் கணிக்க முடிந்தால், மற்ற வவுச்சர்கள் திரும்பத் திரும்ப அந்த விகிதத்தில் இதையும் வருமானமாக எடுக்கலாம். அப்படிக் கணிக்க முடியாவிட்டால், இனி வரமாட்டார் என்பது ஏறக்குறைய உறுதியாகும்வரை பொறுப்பாகவே வைத்திருக்கவேண்டும். இரண்டொரு சீசன் மட்டும் வவுச்சர் விற்ற கடைக்கு முதல் வழிக்கு ஆதாரமே கிடையாது. இரண்டாவதே நமக்குப் பொருந்தும்.

நமது உதாரணக் கடையில் செல்லுபடியாகும் காலம் ஆறு மாதம் என்றும், முடிவில் 40,000 ரூபா வவுச்சர்கள் வரவில்லை என்றும் வைப்போம். திகதி முடிந்த மறுநாளே அதை ஏனைய வருமானத்துக்கு மாற்றலாமா? அது நீங்கள் உண்மையில் என்ன செய்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. வவுச்சரில் திகதி போட்டிருந்தாலும், தெரிந்த வாடிக்கையாளர் ஏழாம் மாதம் வந்து நின்றால் நம்மில் யாரும் திருப்பி அனுப்புவதில்லை. அப்படியென்றால் திகதி வெறும் அச்சு, கடன் இன்னும் உயிரோடு இருக்கிறது. 40,000ஐ இன்னொரு வருடமாவது அங்கேயே விடுங்கள். அந்தப் பணம் நமக்கு ஆகுமா என்பது உலமாக்களிடம் கேட்கவேண்டியது. அவர்களிடம் போகும்போது கொப்பியையும் எடுத்துப் போங்கள். எந்த இலக்கம், எவ்வளவு, எந்தக் கம்பனி வாங்கியது என்பது அதில் இருக்கும். வாங்கியவர் இன்னாரென்று தெரிந்த வவுச்சர்களுக்கு ஒரு தொலைபேசி அழைப்பு போதும். அவரோ அவர் கொடுத்தவரோ பெரும்பாலும் அடுத்த வாரமே வந்துவிடுவார்.