முதலில் பைகார்பனேட், பிறகுதான் காஸ்டிக் சோடா

வேதி ஆய்வகத்தில் புதிதாகச் சேர்ந்தவர் கைக்குச் சீக்கிரமே வருவது பிரிபுனல். ஈதரில் மூன்று பொருள்கள் கரைந்திருப்பதாக வைத்துக்கொள்வோம்: பென்சாயிக் அமிலம், பீனால் வகையைச் சேர்ந்த 2-நாஃப்தால், பென்சைல் ஆல்கஹால். மூன்றிலும் O–H தொகுதி உண்டு. ஆனால் அதிலுள்ள புரோட்டானை விட்டுக்கொடுப்பதில்தான் மூன்றும் வேறுபடுகின்றன.

புரோட்டான் போனபின் ஆக்சிஜன்மேல் எதிர்மின்சுமை தங்குகிறது. அந்தச் சுமையைப் பகிர ஆள் இருந்தால் அமிலம் வலுவாகும். கார்பாக்சிலேட்டில் இரண்டு ஆக்சிஜன்கள் அதைச் சரிபாதியாகச் சுமக்கின்றன, இதுதான் உடனிசைவு. பென்சாயிக் அமிலத்தின் pKa 4.2. நாஃப்தாலில் சுமை வளையத்துக்குள் பரவினாலும், அங்கே அதை ஏற்பவை கார்பன்கள். ஆக்சிஜன் அளவுக்கு அவற்றால் தாங்க முடியாது, ஆகவே 9.5. ஆல்கஹாலில் பகிரவே வழியில்லை. மதிப்பு 15-ஐத் தாண்டுகிறது. ஒவ்வோர் எண் கூடும்போதும் அமிலத்தன்மை பத்து மடங்கு குறைகிறது.

கார்பானிக் அமிலத்தின் pKa சுமார் 6.4. அதைவிட வலுவான அமிலத்தைத்தான் பைகார்பனேட் இழுக்கும். எனவே முதலில் 5% சோடியம் பைகார்பனேட் சேர்த்துக் குலுக்குங்கள். பென்சாயிக் அமிலம் உப்பாகி நீரடுக்குக்குப் போகும். கார்பன் டை ஆக்சைடு கிளம்புவதால், தண்டை முகத்துக்கு எதிர்ப்புறம் திருப்பி அடிக்கடி குழாயைத் திறந்து அழுத்தத்தை வெளியேற்றுங்கள். நீரடுக்கைப் பிரித்தெடுத்த பிறகு 5% காஸ்டிக் சோடா. இப்போது நாஃப்தால் இறங்கும். ஆல்கஹால் ஈதரிலேயே நிற்கும். இரண்டு நீர்க்கரைசல்களிலும் தனித்தனியே ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டால் திடப்பொருள்கள் படியும்.

வரிசை மாறிக் காஸ்டிக் சோடாவை முதலில் ஊற்றினால் அமிலமும் நாஃப்தாலும் சேர்ந்தே இறங்கிவிடும். பார்வைக்கு இரண்டும் வெள்ளைத் திடப்பொருள்கள். தூய நிலையில் இரண்டுமே 122 டிகிரியை ஒட்டி உருகும். கலந்துவிட்டால் அதற்குக் கீழேயே, பல டிகிரி இடைவெளியில் உருகும். அதுதான் உங்களைக் காட்டிக்கொடுக்கும்.

அமிலத்தை வலுவாக்கும் தூண்டல் விளைவு, உடனிசைவிலிருந்து வேறு ரகம். குளோரின் சிக்மா பிணைப்பு வழியே எலெக்ட்ரானை இழுக்கிறது. அசிட்டிக் அமிலத்தின் 4.76, குளோரோஅசிட்டிக்கில் 2.86 ஆகிறது. அதே குளோரின் இரண்டு கார்பன் தள்ளி 4-குளோரோபியூட்டனாயிக்கில் இருந்தால் மதிப்பு 4.5, விளைவு தூரத்தில் தேய்ந்துவிடுகிறது.

நைட்ரோபீனாலில் இரண்டு விளைவுகளையும் பிரித்தே பார்க்கலாம். வெறும் பீனாலுக்கு 10. நைட்ரோ தொகுதி மெட்டா இடத்தில் இருந்தால், ஆக்சிஜனின் சுமை உடனிசைவால் அதை நேரடியாக எட்டாது. பெரும்பாலும் தூண்டல் மட்டுமே வேலை செய்து 8.4 தருகிறது. பாரா இடத்தில் உடனிசைவும் சேர்ந்து 7.15. இரண்டு நைட்ரோ தொகுதிகள் கொண்ட 2,4-டைநைட்ரோபீனாலுக்கு 4.1, பென்சாயிக் அமிலத்தோடு இதுவும் பைகார்பனேட்டுக்குள் போய்விடும். ஆகவே நுரை பொங்கியது என்பதற்காக மட்டும் கார்பாக்சிலிக் அமிலம் என்று குறிப்பேட்டில் எழுதிவிடாதீர்கள். வளையத்தில் நைட்ரோ உண்டா என்று முதலில் பாருங்கள்.