விடுதலையான பிறகு மீண்டும் சிறை: விலாசமும் வாய்தாவும்



சிறையிலிருந்து வெளியே வந்த ஒருவர் மறுபடியும் உள்ளே போனார் என்றால், "பழைய புத்தி போகவில்லை" என்று சொல்லிவிடுகிறோம். மறுபடி குற்றம் செய்து போகிறவர்கள் உண்டு, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் புதிதாக எந்தக் குற்றமும் செய்யாமல் திரும்பிப் போகிறவர்களும் இருக்கிறார்கள். அது எப்படி நடக்கிறது என்பதே இம்மாதப் பாடம்.

முதலில் ஒரு கணக்கு. தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022ஆம் ஆண்டு அறிக்கைப்படி, நாட்டின் சிறைகளில் இருந்தவர்களில் ஏறக்குறைய 76 சதவீதம் பேர் தண்டனை பெற்றவர்கள் அல்லர், விசாரணைக் கைதிகள். ஆகவே வெளியே வருகிறவர்களில் பலர் ஜாமீனில் வருகிறவர்கள்தாம். குடும்பம் அதை விடுதலை என்று நினைக்கிறது. நீதிமன்றத்தைப் பொறுத்தவரை வழக்கு இன்னும் தொடங்கவே இல்லாமல் இருக்கலாம்.

ஓர் உதாரணம்

கட்டட வேலை செய்யும் ஒரு சகோதரரை எடுத்துக்கொள்வோம். அடிதடி வழக்கில் கைதாகி, நாற்பது நாள் கழித்து ஜாமீனில் வருகிறார். இரண்டு பேர் ஜாமீன்தாரர்கள். தினமும் காலை 10.30 மணிக்குக் காவல் நிலையத்தில் கையெழுத்துப் போட வேண்டும் என்பது நிபந்தனை.

வந்த வாரத்திலேயே வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்கிறார். "போலீஸ் வந்துபோன வீடு, மற்றக் குடித்தனக்காரர்கள் யோசிக்கிறார்கள்" என்கிறார். மனைவியும் பிள்ளைகளும் உம்மா வீட்டுக்குப் போகிறார்கள். இவர் வேறு ஊரில் ஒரு நண்பருடன் அறையில் தங்குகிறார்.

வேலையும் போகிறது. மேஸ்திரி ஆட்களைக் காலை எட்டு மணிக்கு வேலையிடத்துக்கு அழைத்துப் போவார். இவரால் 10.30 மணிக் கையெழுத்தை முடித்துவிட்டுத்தான் போக முடியும். அரைநாள் ஆளை யார் எடுப்பார்? நாலு நாள் கையெழுத்தை விட்டால் ஜாமீனை ரத்து செய்யக் கோரி மனு வரலாம். கையெழுத்துக்குப் போனால் அன்றைய கூலி இல்லை.

எப்படியோ சமாளிக்கிறார். சில மாதத்தில் நிபந்தனை தளர்கிறது. வழக்கு முடிந்துவிட்டது என்றே நம்புகிறார். ஒன்றரை வருடம் கழித்துக் காவல்துறை குற்றப்பத்திரிகை தாக்கல் செய்கிறது. நீதிமன்றம் சம்மன் அனுப்புகிறது. சம்மன் போவது ஜாமீன் பத்திரத்தில் உள்ள பழைய விலாசத்துக்கு. "அந்த விலாசத்தில் இல்லை" என்று திரும்பி வருகிறது. இன்னும் சில வாய்தாக்கள் போகின்றன. பிறகு ஜாமீனில் விட முடியாத பிடிவாரண்ட் பிறப்பிக்கப்படுகிறது.

ஒருநாள் இரவு வாகனச் சோதனையில் பெயரைப் பார்க்கிறார்கள். வாரண்ட் நிலுவையில் இருக்கிறது. மறுநாள் சிறை. ஜாமீன் கொடுத்த இருவருக்கும் பத்திரத் தொகையை ஏன் பறிமுதல் செய்யக்கூடாது என்று நோட்டீஸ் போகிறது. இனி அவருக்கு ஜாமீன் நிற்க மஹல்லாவில் ஆள் கிடைப்பது கடினம். தெருவோ, "மறுபடியும் பிடித்துப் போனார்கள்" என்று மட்டும் பேசும்.

இதில் புதிய குற்றம் எதுவும் இல்லை. வீடு போனது, அதனால் விலாசம் மாறியது, அதனால் சம்மன் கைக்கு வரவில்லை.

எங்கே தடுக்கலாம்?

முதல் இடம் விலாசம். வீடு மாறியவுடன் வக்கீல் மூலம் புதிய விலாசத்தை நீதிமன்றத்துக்கும் காவல் நிலையத்துக்கும் எழுத்தில் தெரிவித்து, ஒப்புகை வாங்கி வைக்க வேண்டும். வாயால் சொன்னது கணக்கில் வராது. நிலையான விலாசம் இல்லாதவர் வாப்பா அல்லது சகோதரரின் விலாசத்தைக் கொடுக்கலாம். ஆனால் அங்கு வரும் தபாலை வாங்கி அன்றே சொல்லும் ஆள் இருக்க வேண்டும்.

இரண்டாவது, கையெழுத்து. நேரத்தையோ நாட்களையோ மாற்றக் கேட்டு நிபந்தனைத் தளர்வு மனு போடலாம். பலருக்கு இது தெரிவதில்லை. சில வாரங்கள் ஒழுங்காகக் கையெழுத்துப் போட்டுவிட்டு, வேலை விவரத்தைச் சொல்லிக் கேட்டால் தினசரி என்பது வாரம் ஒருமுறை என்று மாற வாய்ப்பு உண்டு. கையெழுத்தை விட்டுவிட்டுக் கேட்பவருக்கு அந்த வாய்ப்பு குறைவு.

மூன்றாவது, வாய்தா. குற்றப்பத்திரிகை தாக்கலாகி வழக்குக்கு எண் விழுந்ததும் 16 இலக்க CNR எண்ணைக் கேட்டு வாங்குங்கள். கைப்பேசியில் eCourts Services செயலியில் அதைப் பதிந்தால் அடுத்த வாய்தா தேதி தெரியும். எண் விழும்வரை மாதம் ஒருமுறையாவது வக்கீலிடமோ நீதிமன்ற அலுவலகத்திலோ விசாரிக்க வேண்டும். உடல்நலம் சரியில்லாமல் ஒரு வாய்தாவுக்குப் போக முடியவில்லை என்றால், வக்கீல் அன்றே வராமைக்கு மனு போட வேண்டும். நீதிமன்ற வளாகத்தில் இதை "317 மனு" என்பார்கள். 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள புதிய சட்டத்தில் அது 355ஆவது பிரிவு.

வாரண்ட் வந்துவிட்டதாகத் தெரிந்தால் ஒளியக்கூடாது. பலரும் செய்யும் பெரிய தவறு அதுதான். வக்கீலுடன் தாமே நீதிமன்றத்தில் ஆஜராகி, வராத காரணத்துக்கு ஆதாரத்தோடு வாரண்டைத் திரும்பப்பெறும் மனுவைக் கொடுக்க வேண்டும். ஏற்பதும் மறுப்பதும் நீதிபதியின் முடிவு. ஆனால் தாமாக வந்தவரையும் பிடித்துக் கொண்டுவரப்பட்டவரையும் நீதிமன்றம் ஒன்றாகப் பார்ப்பதில்லை.

வக்கீலுக்குப் பணம் இல்லாதவர்கள் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். காவலில் இருப்பவர்கள், பெண்கள் உள்ளிட்ட சில பிரிவினருக்கு வருமானம் பார்க்காமலும், மற்றவர்களுக்கு வருமான வரம்புக்கு உட்பட்டும் இலவச வக்கீல் கிடைப்பார். தொலைபேசி எண் 15100. ஜாமீன் கிடைத்தும் பணம் கட்ட இயலாமல் சிறையிலேயே இருக்கும் ஏழைகளுக்கும், தண்டனை பெற்றவர்களின் அபராதத்துக்கு 25,000 ரூபாய் வரையும் உதவும் மத்திய அரசுத் திட்டமும் 2023 முதல் உண்டு. சில கடும் குற்ற வழக்குகளுக்கு அது பொருந்தாது.

மஹல்லாவின் பங்கு

வீடும் வேலையும் சட்டத்தால் மட்டும் கிடைப்பவை அல்ல. வாடகை வீட்டுக்கு யாராவது பொறுப்புச் சொல்ல வேண்டும். கறிக்கடையிலோ வெல்டிங் பட்டறையிலோ ஒருவரை வைக்கும் முதலாளி, "வாய்தா நாளில் லீவு, அதற்காக வேலையை விட்டு எடுக்க மாட்டேன்" என்று முதல் நாளே சொன்னால், அந்த ஒரு சொல் ஒரு வாரண்டைத் தடுக்கக்கூடும். வேலைக்கு வருபவரும் வழக்கை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். பின்னால் தெரியவந்தால் வழக்கைவிட மறைத்ததே பெரிதாகிவிடும். விடுவிக்கப்பட்டவர்கள் தீர்ப்பின் சான்றிட்ட நகலை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள்; காவல்துறைச் சரிபார்ப்பு கேட்கும் இடங்களில் அது பேசும்.

ஜாமீன் நிற்கத் தயங்குகிறவர்களுக்கு ஒரு விளக்கம். ஜாமீன்தாரர் குற்றத்துக்குப் பொறுப்பாளி அல்ல. அவர் வாய்தாவுக்கு வருவார் என்பதற்கு, பத்திரத்தில் எழுதிய தொகை வரை பொறுப்பு. அவர் வராமல் போவார் என்று அஞ்சினால், நீதிமன்றத்தில் மனு கொடுத்து விலகிக்கொள்ளவும் வழி உண்டு. அப்படி விலகினால் வேறு ஜாமீன்தாரரைக் கொண்டுவரும்படி நீதிமன்றம் அவரிடம் கேட்கும். கொண்டுவர முடியாவிட்டால் அவர் சிறைக்குப் போக நேரலாம்.

இன்னொன்று, கசப்பாக இருந்தாலும் சொல்ல வேண்டும். அண்ணன் சிறைக்குப் போனதற்காகத் தங்கையின் நிக்காஹ் பேச்சு நின்றுபோனால், அந்த வீடு ஊரை விட்டுப் போகும். வீடு போனால் விலாசம் போகும். அதன்பின் நடப்பது என்ன என்பதை மேலே பார்த்தோம்.

உங்கள் குடும்பத்தில் யாராவது ஜாமீனில் வந்திருந்தால் இன்றே மூன்றைச் சரிபாருங்கள்: நீதிமன்றத்தில் உள்ள விலாசம், வழக்கின் எண், அடுத்த வாய்தா தேதி. மூன்றில் ஒன்று தெரியாவிட்டாலும் ஜாமீன் உத்தரவு நகலுடன் நமது அலுவலகத்துக்கு வாருங்கள். தேடி எடுத்துத் தருகிறோம், இன்ஷா அல்லாஹ்.

— செயலாளர்