திரும்பி வந்த நைட்டியும் எட்டாம் வகுப்புக் கணக்கும்

மகாராஜபுரத்தில் எட்டாம் வகுப்புக்கு வாழ்வியல் கணிதம் நடத்தும்போது, லாபம் என்றால் விற்ற விலையில் வாங்கிய விலையைக் கழிப்பது என்று மாணவர்கள் உடனே சொல்லிவிடுவார்கள். ஒருநாள் ஒரு மாணவி எழுந்து, "எங்க அம்மாவுக்கு அப்படிக் கழிச்சா வர்ற பணம் கைக்கு வரவே மாட்டேங்குது சார்" என்றாள். ராஜபாளையத்தை அடுத்த தளவாய்புரம் நைட்டித் தயாரிப்புக்குப் பெயர்பெற்ற ஊர். அங்கிருந்து நைட்டி வாங்கி இணையத்தில் விற்கிறார் அவள் அம்மா. அவரிடம் கேட்டு, எண்களைச் சற்று முழுமையாக்கிக்கொண்டு அன்றைய பாடத்தை நடத்தினேன்.

வாடிக்கையாளர் தருவது 420 ரூபாய். அதில் 20 ரூபாய் ஜிஎஸ்டி. அது அரசுக்குப் போவது, நம் வரவே அல்ல. மீதி 400. நைட்டியின் அடக்கவிலை 220, தளத்தின் கமிஷன் 42, அனுப்பும் செலவு 60, உறையும் ஒட்டுத்தாளும் 8. எல்லாம் போக 70 ரூபாய் நிற்கிறது. (கட்டணங்கள் மீதான ஜிஎஸ்டியைப் பதிவு பெற்றவர் வரி வரவாக எடுத்துக்கொள்ளலாம் என்பதால் அதை விட்டுவிட்டேன்.)

பத்து நைட்டி அனுப்பினால் இரண்டு திரும்புகின்றன. அப்படியானால் லாபம் எவ்வளவு என்று கேட்டேன். வகுப்பில் பாதிப்பேர் 8 × 70 = 560 என்றார்கள். தவறு இங்கேதான். திரும்பிய நைட்டிக்கு லாபம் கிடைக்கவில்லை என்பதோடு முடிவதில்லை, செலவும் ஆகியிருக்கிறது. கமிஷனைத் தளம் திருப்பித் தந்துவிடும். ஆனால் போன செலவு 60, வந்த செலவு 60, வீணான உறை 8, மறுபடி இஸ்திரி போட்டு மடிக்க 12 என 140 ரூபாய் போய்விடுகிறது. இரண்டுக்கு 280. ஆக, 560 − 280 = 280.

அந்த 280 ரூபாய் நட்டத்தை விற்ற எட்டின் மீது பங்கிட்டால் ஒன்றுக்கு 35. எனவே, 70 என்று நினைத்த லாபம் உண்மையில் 35தான். அனுப்பிய பத்துக்கும் வகுத்தால் 28 வரும். இரண்டும் சரியே, எதால் வகுத்தோம் என்று எழுதச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு விடைகளும் ஒன்றோடொன்று சண்டை போடும்!

திரும்பியதில் ஒன்று கறைபட்டு விற்க முடியாமல் போனால்? அதற்கு இஸ்திரிச் செலவு 12 மிச்சம், அடக்கவிலை 220 நட்டம். 280 ரூபாய் 72 ஆகிவிடுகிறது.

எத்தனை திரும்பினால் லாபமே இராது என்பதை மாணவர்களே கண்டுபிடித்தார்கள். இரண்டு விற்றால் வரும் 140, ஒன்று திரும்பினால் போய்விடுகிறது. மூன்றில் ஒன்று திரும்பினால் கையில் பூஜ்யம்.

மறுவாரம் அந்த மாணவி திரும்பியவற்றின் காரணங்களை நோட்டில் எழுதி வந்தாள். பெரும்பாலும் அளவு சரியில்லை என்பதே. 'எக்ஸ்எல்' என்று மட்டும் போடாமல், மார்புச் சுற்றளவையும் உயரத்தையும் அங்குலத்தில் எழுதும்படி அம்மாவிடம் சொல்லியிருக்கிறாளாம்.