பை எலக்ட்ரானை எண்ணும்போது கைகொடுக்கும் குறிப்புகள்

பென்சீனில் 6 பை எலக்ட்ரான்கள், ஆகவே அது அரோமேட்டிக் என்பது பிளஸ் டூ படிப்பவர்களுக்கு மனப்பாடம். வளையத்தில் ஒரு நைட்ரஜனோ, ஒரு மைனஸ் குறியோ வந்துவிட்டால்தான் எண்ணிக்கை தடுமாறுகிறது. எரிக் ஹக்கல் 1931-இல் தந்த 4n+2 விதி எளிதானதுதான். எந்த எலக்ட்ரானைச் சேர்ப்பது, எதை விடுவது, எப்போது எண்ணவே கூடாது என்பதில்தான் மதிப்பெண் போகிறது. கீழே உள்ள வரிசையிலேயே செய்து பழகினால் குழப்பம் வராது.

1. எண்ணுவதற்கு முன் வளையத்தை ஒரு சுற்று சுற்றி வாருங்கள். பென்சில் முனையை ஓர் அணுவில் வைத்து அடுத்தடுத்த அணுவுக்கு நகர்த்தி, ஒவ்வொன்றிலும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: இதனிடம் p ஆர்பிட்டால் இருக்கிறதா? இரட்டைப் பிணைப்பில் உள்ள அணுவிடம் உண்டு. பிளஸ் குறி உள்ள கார்பனிடம் காலியாக ஒன்று உண்டு. மைனஸ் குறி உள்ள கார்பனும், தனித்த எலக்ட்ரான் இணை உள்ள நைட்ரஜன், ஆக்சிஜன், கந்தகமும் ஒன்றைத் தரமுடியும். நான்கு ஒற்றைப் பிணைப்புகளோடு நிற்கும் sp3 கார்பனிடம் மட்டும் இல்லை. வழியில் ஒரு CH2 தென்பட்டால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். சைக்ளோஹெப்டாட்ரையீனில் மூன்று இரட்டைப் பிணைப்புகள், சரியாக 6 பை எலக்ட்ரான்கள் இருக்கின்றன. ஆனாலும் ஏழாவது கார்பன் CH2. சுற்று அங்கே அறுந்துபோவதால் அது அரோமேட்டிக்கும் அல்ல, எதிர் அரோமேட்டிக்கும் அல்ல.

2. சுற்று அறுபடவில்லை என்றால் எண்ணலாம். வளையத்துக்குள் உள்ள ஒவ்வொரு இரட்டைப் பிணைப்புக்கும் 2, மைனஸ் குறி உள்ள கார்பனுக்கு 2, பிளஸ் குறி உள்ள கார்பனுக்கு 0. மைனஸ் கார்பன் மேல் இரண்டு புள்ளிகளும் வரைந்து, பக்கத்தில் குறியும் போட்டிருப்பார்கள். புள்ளிகளுக்கு 2, குறிக்கு இன்னொரு 2 என்று கூட்டிவிடாதீர்கள். இரண்டும் ஒரே இணையைத்தான் காட்டுகின்றன. வளையத்துக்கு வெளியே தொங்கும் இரட்டைப் பிணைப்புகளும் கணக்கில் வராது.

3. தனித்த எலக்ட்ரான் இணையைச் சேர்ப்பதா வேண்டாமா என்பதற்கு ஒரு கேள்வி போதும்: அந்த அணு ஏற்கெனவே வளையத்துக்குள் ஓர் இரட்டைப் பிணைப்பில் இருக்கிறதா? இருந்தால் அதன் p ஆர்பிட்டால் அந்தப் பிணைப்பிலேயே செலவாகிவிட்டது. இணை வளையத்தின் தளத்திலேயே வெளிப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும், அதை எண்ணக்கூடாது. இல்லையென்றால் இணை p ஆர்பிட்டாலில் ஏறி வளையத்தோடு கலந்துகொள்ளும். அதை எண்ண வேண்டும்.

பிரிடினையும் பிர்ரோலையும் பக்கத்தில் பக்கத்தில் வரைந்து பாருங்கள். பிரிடினில் நைட்ரஜன் இரட்டைப் பிணைப்பில் இருக்கிறது. மூன்று இரட்டைப் பிணைப்புகளுக்கு 6, இணைக்கு ஒன்றுமில்லை. பிர்ரோலில் நைட்ரஜனுக்கு இருபுறமும் ஒற்றைப் பிணைப்பு, மூன்றாவதாக ஒரு ஹைட்ரஜன். இரண்டு இரட்டைப் பிணைப்புகளுக்கு 4, இணைக்கு 2, ஆக 6. இரண்டுமே அரோமேட்டிக், ஆனால் 6 வந்த வழி வேறு.

இது வெறும் தாள் கணக்கு அல்ல, ஆய்வகத்திலும் தெரியும். பிரிடினின் இணை சும்மா இருப்பதால் அமிலத்தைக் கண்டதும் H+ ஐ ஏற்றுக்கொண்டு உப்பாகிவிடும். அப்படி ஆன பிறகும் வளையத்தின் 6 குறையாது. பிர்ரோலோ காரமாக நடந்துகொள்வதே அரிது. அதன் நைட்ரஜன் H+ ஐ ஏற்றால் இணை கைவிட்டுப் போய், நைட்ரஜன் sp3 ஆகி, சுற்றே அறுந்துவிடும். இமிடசோலில் இந்த இரண்டு வகை நைட்ரஜன்களும் ஒரே வளையத்தில் உள்ளன. ஹைட்ரஜன் தாங்கிய நைட்ரஜனின் இணையை எண்ணுங்கள், மற்றதை விடுங்கள், 6 வரும். ஃபியூரானின் ஆக்சிஜனிடம் இரண்டு இணைகள் இருந்தாலும் ஓர் அணுவுக்கு ஒரு p ஆர்பிட்டால்தான். ஆகவே ஓர் இணை மட்டும் உள்ளே வரும், மற்றது வெளியே நிற்கும்.

4. எண்ணி முடித்ததும் 2, 6, 10, 14 என்ற வரிசையில் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் அரோமேட்டிக் ஆகும் வாய்ப்பு உண்டு. 4, 8, 12 வந்தால் எதிர் அரோமேட்டிக் ஆகும் அபாயம். n என்பது கார்பன்களின் எண்ணிக்கையும் அல்ல, வளையங்களின் எண்ணிக்கையும் அல்ல. 0, 1, 2 என்று போட்டுப் பார்க்கும் ஒரு முழு எண், அவ்வளவே. காரணம் தெரிந்திருந்தால் மறக்காது. வளையத்தின் பை ஆற்றல் மட்டங்களில் மிகக் கீழே ஒன்று தனியாக இருக்கும், அதில் 2 எலக்ட்ரான்கள். அதற்கு மேலே மட்டங்கள் சம ஆற்றலுடன் இரண்டிரண்டாக வரும், ஒவ்வொரு ஜோடிக்கும் 4. இப்படி நிரம்பினால் 2, 6, 10. மொத்தம் 4 மட்டுமே என்றால் கீழே 2 போக மீதி 2, மேல் ஜோடியின் இரு மட்டங்களிலும் ஒவ்வொன்றாகத் தனித்து நிற்கும். நிலையின்மை அங்கிருந்துதான் வருகிறது.

5. அயனிகளுக்கு ஒரு முழுக் கணக்கைப் போட்டுப் பழகுங்கள். அதற்குச் சைக்ளோபென்டாடையீனைவிட நல்ல உதாரணம் கிடையாது. ஐந்து கார்பன், இரண்டு இரட்டைப் பிணைப்பு, ஒரு CH2. முதல் குறிப்பின்படி இப்போதைக்கு அது அரோமேட்டிக், எதிர் அரோமேட்டிக் இரண்டிலும் சேராது.

அந்த CH2-விலிருந்து H+ ஐ எடுங்கள். பிணைப்பில் இருந்த இரண்டு எலக்ட்ரான்களும் கார்பனிடமே தங்கும். 4 + 2 = 6. ஐந்து அணுக்களிலும் p ஆர்பிட்டால், அறுபடாத சுற்று, தட்டையான வளையம்: அரோமேட்டிக். இந்த எதிர் அயனி இவ்வளவு நிலையாக இருப்பதால் சைக்ளோபென்டாடையீன் ஒரு ஹைட்ரோகார்பனாக இருந்தும் அதன் pKa சுமார் 16. கிட்டத்தட்ட எத்தனால் அளவுக்கு H+ ஐ விட்டுக்கொடுக்கும்! ஃபெர்ரோசீனில் இரும்புக்கு மேலும் கீழும் இருப்பவை இந்த அயனிகளே.

அதே CH2-விலிருந்து இப்போது ஹைட்ரஜனை இரண்டு எலக்ட்ரான்களோடு சேர்த்து எடுங்கள். கார்பனில் காலி p ஆர்பிட்டால் மிஞ்சும். 4 + 0 = 4. சுற்று முழுமையாகத்தான் இருக்கிறது, ஆனால் எண்ணிக்கை எதிர் அரோமேட்டிக். ஒரே வளையம், குறி மட்டும் மாறியது. ஒன்று எளிதாக உருவாகிறது, மற்றது உருவாகவே மறுக்கிறது.

ஏழு கார்பன் வளையத்தில் எல்லாம் தலைகீழ். சைக்ளோஹெப்டாட்ரையீனின் CH2-விலிருந்து ஹைட்ரைடை எடுத்தால் 6 + 0 = 6, அதாவது டிரோபிலியம் அயனி. டிரோபிலியம் புரோமைடு, கார்பன் சேர்மமாக இருந்தும் உப்பைப் போல நீரில் கரையும். சில்வர் நைட்ரேட் விட்டால் உடனே சில்வர் புரோமைடு வீழ்படிவு தரும். டோரிங்கும் நாக்ஸும் 1954-இல் இதன் அமைப்பை நிறுவினார்கள். H+ ஐ எடுத்தாலோ 6 + 2 = 8. அதனால்தான் சைக்ளோஹெப்டாட்ரையீனின் pKa ஏறத்தாழ 36. ஐந்து கார்பன் வளையத்துக்கு மைனஸ், ஏழு கார்பன் வளையத்துக்கு பிளஸ் என்று நினைவில் வைத்தால் பாதி வினாக்கள் முடிந்தன.

6. 8 வந்தவுடன் எதிர் அரோமேட்டிக் என்று எழுதிவிடாதீர்கள். வளையம் தட்டையாக இருக்கிறதா என்று கேட்ட பிறகே எழுதுங்கள். அதிகம் பேர் விழும் பள்ளம் இதுதான். சைக்ளோஆக்டாடெட்ரையீனில் நான்கு இரட்டைப் பிணைப்புகள், 8 எலக்ட்ரான்கள். வில்ஸ்டாட்டர் 1911-இல், மாதுளை மரப்பட்டையில் கிடைக்கும் ஓர் ஆல்கலாய்டிலிருந்து இதைத் தயாரித்தபோது, பென்சீன் போல நடந்துகொள்ளாமல் சாதாரண ஆல்கீன் போல வினைபுரிந்தது. தட்டையாக இருந்தால் எதிர் அரோமேட்டிக் ஆகிவிடும் என்பதால் அது தொட்டி வடிவில் மடங்கிக்கொள்கிறது. மடங்கியதும் அடுத்தடுத்த p ஆர்பிட்டால்கள் ஒன்றுக்கொன்று கோணலாகி, சரியாக மேற்பொருந்துவதில்லை. பிணைப்புகளும் ஒன்று குட்டை, ஒன்று நெட்டை என்று மாறி மாறி வருகின்றன. ஆகவே விடை: அரோமேட்டிக் அல்லாதது. இதற்கே பொட்டாசியத்திலிருந்து இரண்டு எலக்ட்ரான்கள் கிடைத்தால் எண்ணிக்கை 10 ஆகும். வளையம் தட்டையாகி, எட்டுப் பிணைப்புகளும் ஒரே நீளத்துக்கு வந்துவிடும்.

சைக்ளோபியூட்டாடையீனுக்கு இப்படித் தப்பிக்க வழியில்லை. இரண்டு இரட்டைப் பிணைப்புகளோடு இந்தச் சிறு வளையம் அப்படி மடங்க முடியாது. சதுரமாக இருக்காமல் நீள்சதுரமாக இழுத்துக்கொள்வது மட்டுமே அதனால் முடிந்தது. உறைந்த ஆர்கானுக்குள் கடுங்குளிரில் சிறைவைத்து அதைப் பார்த்திருக்கிறார்கள். கொஞ்சம் சூடேறினாலும் இரண்டு மூலக்கூறுகள் ஒன்றோடொன்று சேர்ந்துவிடும். எதிர் அரோமேட்டிக் என்ற பட்டத்தை இதற்குத் தயங்காமல் கொடுக்கலாம்.

7. 10 வந்தாலும் இதே எச்சரிக்கை. பத்து கார்பன் ஒற்றை வளையத்தில் எல்லா இரட்டைப் பிணைப்புகளும் சிஸ் என்றால், தட்டையாக இருக்க ஒவ்வொரு கோணமும் 144 பாகையாக விரிய வேண்டும். sp2 கார்பனுக்கு வசதி 120. இரண்டை டிரான்ஸ் ஆக்கினால் உள்ளே பார்க்கும் இரு ஹைட்ரஜன்கள் முட்டிக்கொள்ளும். எண்ணிக்கை சரி, தளம் சரியில்லை, ஆகவே அரோமேட்டிக் அல்ல. முட்டும் ஹைட்ரஜன்களை நீக்கி அந்த இடத்தில் ஒரு CH2 பாலம் போட்டார் ஃபோகல். சுற்று ஓரளவு தட்டையாகி அரோமேட்டிக் தன்மை வந்துவிட்டது. அந்தப் பாலத்தின் CH2 சுற்றுக்கு வெளியே இருப்பதால் முதல் குறிப்புக்கு முரண் இல்லை.

8. ஒட்டிய வளையங்களில் விதியைக் கண்ணை மூடிக்கொண்டு போடவேண்டாம். ஹக்கலின் விதி ஒற்றை வளையத்துக்கானது. நாஃப்தலீனுக்கும், நீல நிற அசுலீனுக்கும் 10 வருவதால் பிரச்சினை தெரிவதில்லை. நான்கு வளையங்கள் ஒட்டிய பைரீனில் 16 எலக்ட்ரான்கள்; விதிப்படி எதிர் அரோமேட்டிக். உண்மையில் அது நல்ல அரோமேட்டிக் சேர்மம். அதன் வெளிச்சுற்றை மட்டும் எண்ணினால் 14 வரும்.

9. வீட்டில் போட்டுப் பார்க்க நான்கு: தையோபீன், சைக்ளோபுரோப்பீனைல் நேர் அயனி, பிரிடினில் H+ ஏற்றிய பிரிடினியம் அயனி, 1,3-சைக்ளோஹெக்சாடையீன். முதல் மூன்றும் அரோமேட்டிக். எண்ணிக்கை முறையே 6, 2, 6. நான்காவதில் 4 வந்ததும் எதிர் அரோமேட்டிக் என்று எழுதியிருந்தால், முதல் குறிப்பை இன்னொரு முறை படியுங்கள். அந்த வளையத்தில் இரண்டு CH2 இருக்கின்றன.