ஒலி குழம்பினால் எந்தக் குமிழைத் தொடுவது?

புதிதாக ஆம்ப் வாங்கியவர்கள் பெரும்பாலும் பேஸ், மிடில், ட்ரெபிள் மூன்றையும் 5-இல் நிறுத்திவிட்டு, கெயினை மட்டும் 8-க்கு ஏற்றி வாசிக்கத் தொடங்குவார்கள். 5 என்பது நடுநிலை, அங்கிருந்து வேண்டியதைக் கூட்டலாம், வேண்டாததைக் குறைக்கலாம் என்பது அவர்கள் கணக்கு. கார் ஸ்டீரியோவில் அந்தக் கணக்கு சரி. கிட்டார் ஆம்ப்களில் பெரும்பாலும் தப்பு.

ஃபெண்டரும் மார்ஷலும் பழக்கிவிட்ட டோன் சுற்றில் இந்த மூன்று குமிழ்களுக்கும் எதையும் கூட்டும் சக்தி கிடையாது. சில கெப்பாசிட்டர்களும் மின்தடைகளும் சேர்ந்த ஒரு வடிகட்டி அது; வருகிற சிக்னலிலிருந்து வெட்ட மட்டுமே தெரியும். குமிழை ஏற்றுவது என்றால் வெட்டுவதைக் குறைப்பது. மூன்றும் 5-இல் இருக்கும்போது ஃபெண்டர் ட்வின் ரிவெர்ப் போன்ற ஆம்பில் சுமார் 400 ஹெர்ட்ஸ் பகுதியில் ஆழமான பள்ளம் விழுந்திருக்கும். அந்தப் பள்ளத்தை ஓரளவு நிரப்பவே பேஸையும் ட்ரெபிளையும் 2, 3-க்கு இறக்கி, மிடிலை 10-க்கு ஏற்ற வேண்டும். மார்ஷலில் பள்ளம் சற்று மேலே தள்ளி, ஆழம் குறைவாக இருக்கும். மிடில் குமிழின் மின்தடையே ஃபெண்டரில் 10 கிலோ ஓம், மார்ஷலில் 25. ஆகவே ஒருவர் தன் ஆம்பில் ‘மிடில் 6’ என்று சொன்னால் அந்த எண் உங்கள் ஆம்பில் எதையும் குறிக்காமல் போகலாம். எண்களை நகலெடுப்பதைவிட, எந்தக் குமிழ் எதன் கையைப் பிடித்து இழுக்கிறது என்று தெரிந்துகொள்வது பலன் தரும்.

உங்களுடையது எந்த வகை என்று பார்க்கச் சுலபமான வழி இருக்கிறது. மூன்று டோன் குமிழ்களையும் 0-க்கு இறக்கி ஒரு கார்ட் அடியுங்கள். ஒலி அநேகமாக அடங்கிப்போனால் மேலே சொன்ன வெட்டும் வகை. ஃபெண்டர் சுற்றாக இருந்தால் சுத்தமாகவே அடங்கிவிடும். ஒலி மந்தமாகவாவது தொடர்ந்து கேட்டால், அதிலும் குமிழ் நடுவில் ‘டக்’ என்று உட்கார்ந்தால், அது கூட்டவும் குறைக்கவும் தெரிந்த வகையாக இருக்க வாய்ப்பு அதிகம். அதில் 5 உண்மையிலேயே நடுநிலை. குமிழ்களும் ஒன்றையொன்று அதிகம் தொந்தரவு செய்வதில்லை.

வெட்டும் வகையில்தான் சிக்கல். மிடிலை ஏற்றினால் மிடில் மட்டும் ஏறாது. மொத்த ஒலியும் கொஞ்சம் ஏறும், பேஸும் கூடவே வரும். ட்ரெபிளை 8, 9 என்று உயர்த்தினால் மிடில் குமிழின் பிடி தளர்ந்துவிடும். திருப்பிக்கொண்டே இருப்பீர்கள், காதுக்குப் பெரிய மாற்றம் தெரியாது. ‘என் ஆம்பில் மிடில் வேலை செய்யவில்லை’ என்று வருகிற புகார்களில் பலவற்றுக்கு ட்ரெபிளை 5-க்கு இறக்கிவிட்டுப் பார்ப்பதே மருந்து. இதனால்தான் ட்ரெபிளை முதலில் முடிவு செய்வது நல்லது என்கிறேன். பேஸ் கடைசியில் வரலாம்.

ஆனால் இவை மூன்றுக்கும் முன்னால் கெயின். மாஸ்டர் வால்யூம் எவ்வளவு சத்தம் என்பதைச் சொல்கிறது. கெயின், சிக்னல் உள்ளே எவ்வளவு மோதி நசுங்குகிறது என்பதைச் சொல்கிறது. நசுங்கும்போது இரண்டு விஷயங்கள் நடக்கும். மூலத்தில் இல்லாத மேல் அதிர்வுகள் புதிதாகப் பிறக்கும். ஆகவே கெயினை ஏற்றினால் ட்ரெபிளைத் தொடாமலே ஒலி கூர்மையாகும். இன்னொன்று, சேர்ந்து ஒலிக்கும் சுரங்களின் வித்தியாசங்களும் தனிச் சுரங்களாகக் கேட்கத் தொடங்கும். தடித்த ‘ஈ’ கம்பி சுமார் 82 ஹெர்ட்ஸ், அதன் ஐந்தாம் சுரமான ‘பி’ சுமார் 123. வித்தியாசம் 41, அது அதே ‘ஈ’யின் கீழ் ஸ்தாயி. பவர் கார்ட் எவ்வளவு கெயினையும் தாங்குவதற்கு இதுவே காரணம். நடுவில் மூன்றாம் சுரத்தைச் சேர்த்து முழு கார்டாக அடித்தால் வித்தியாசங்கள் அப்படி ஒத்துப்போகாது. அப்போது கேட்கும் கலங்கலை எந்த டோன் குமிழாலும் தெளியவைக்க முடியாது.

கெயினோடு பேஸுக்கு ஒரு தனிப் பகை உண்டு. தடித்த கம்பிகள் பெரிய சிக்னல் தருபவை, முதலில் நசுங்குவதும் அவைதான். டோன் சுற்று கெயினுக்கு முன்னால் இருக்கிறதா பின்னால் இருக்கிறதா என்பதைப் பொறுத்து அந்தப் பகையின் கடுமை மாறும். ட்வின் ரிவெர்பில் டோன் சுற்று முதல் வால்வுக்கு அடுத்தே வந்துவிடுகிறது. அங்கே பேஸை ஏற்றினால் அது பின்னால் வரும் நிலைகளைத் தள்ளும். மார்ஷல் ஜேசிஎம்800-இல் நசுங்கல் பெரும்பாலும் முன்பே முடிந்து, டோன் சுற்று அதன் பின்னால் நிற்கிறது. பேஸை ஏற்றினால் டிஸ்டார்ஷனின் தன்மை மாறாமல் கனம் மட்டும் கூடும். மேசா பூகி மார்க் வரிசை ஆம்ப்களில் டோன் குமிழ்கள் கெயினுக்கு முன்னால் இருப்பதால், நிறைய கெயின் வைப்பவர்கள் பேஸை 1, 2-க்கு மேல் ஏற்றுவதில்லை. இழந்த கனத்தைக் கடைசியில் உள்ள கிராஃபிக் ஈக்வலைசரில் மீட்டுக்கொள்கிறார்கள். ஐபனெஸ் ட்யூப் ஸ்க்ரீமர் பெடல் 720 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதைக் குறைத்துவிட்டுத்தான் நசுக்குகிறது. மெட்டல் வாசிப்பவர்கள் ஏற்கெனவே கெயின் நிறைந்த ஆம்புக்கு முன்னால் அதை வைப்பதன் ரகசியம் கூடுதல் டிஸ்டார்ஷன் அல்ல, இந்த பேஸ் வெட்டுதான்.

உங்கள் ஆம்பில் எப்படி என்று தெரிய, கெயினை உயர்த்தி வைத்து, உள்ளங்கை விளிம்பால் தடித்த கம்பியை அமுக்கியபடி வாசித்துக்கொண்டே, ஒரு நண்பரை பேஸ் குமிழை 0-விலிருந்து 10 வரை திருப்பச் சொல்லுங்கள். அடி தொளதொளத்துப் போனால் டோன் முன்னால் இருக்கிறது, நீங்கள் பேஸில் சிக்கனமாக இருக்க வேண்டும். அடி அப்படியே இருந்து கனம் மட்டும் கூடினால் கவலை குறைவு.

இனி, ஒலி ‘சரியில்லை’ என்று தோன்றும்போது நான்கில் எதைத் திருப்புவது? முதலில் தடித்த கம்பியில் ஒரே ஒரு சுரம் வாசியுங்கள். அது தெளிவாக இருந்து, முழு கார்ட் மட்டும் கலங்கினால் குற்றவாளி கெயின். ட்ரெபிளை ஏற்றிச் சரிசெய்யப் பார்ப்பது வீண், இரைச்சல்தான் கூடும். அந்த ஒற்றைச் சுரமே ‘பூம்’ என்று அறையை அதிரவைத்தால் பேஸைக் குறையுங்கள். எல்லாம் தெளிவு, ஆனால் ஆம்ப் மீது போர்வை போர்த்தியதுபோல இருந்தால் ட்ரெபிளை ஏற்றலாம். அதற்கு முன் கிட்டாரின் டோன் குமிழ் குறைந்திருக்கிறதா, கழுத்துப் பக்கத்து பிக்கப்பில் வாசிக்கிறீர்களா என்று பார்த்துவிடுங்கள். தனியாக வாசிக்கும்போது அருமையாக இருந்து மற்றவர்களோடு சேரும்போது காணாமல் போனால் மிடில்.

ஒரு உதாரணத்தை முழுதாகப் பார்க்கலாம். ஹம்பக்கர் பிக்கப் உள்ள கிட்டார், 8 அங்குல ஸ்பீக்கர் கொண்ட 15 வாட் பயிற்சி ஆம்ப், மார்ஷல் பாணி டோன் சுற்று. வேண்டியது ராக் பாடலுக்கு ரிதம் வாசிக்கும் க்ரஞ்ச் ஒலி. டோன் குமிழ்களை 5-இல் வைத்து, கெயினை 0-விலிருந்து மெல்ல ஏற்றியபடி திறந்த ‘ஈ மைனர்’ கார்டை அடிக்கிறோம். பலமாக அடித்தால் உடைந்து, மெதுவாக அடித்தால் சுத்தமாகும் இடம் ஒன்று வரும். இந்த ஆம்பில் அது 4-க்கும் 5-க்கும் நடுவில் என்று வைத்துக்கொள்வோம். கார்டை அடித்துவிட்டு ஒவ்வொரு கம்பியாக விரலால் நிறுத்திப் பார்த்து, ஒவ்வொன்றும் போவது காதில் தெரிந்தால் கெயின் போதும்.

அடுத்து ட்ரெபிள். பிக் கம்பியில் படும் சத்தம் கேட்க வேண்டும், பல் கூசக் கூடாது. 6 வரை போகலாம். இப்போது மிடிலை 0-வுக்கு இறக்கி, வாசித்துக்கொண்டே 10 வரை ஏற்றுங்கள். கீழே ஒலி உள்ளீடற்று இருக்கும், மேலே மூக்கால் பேசும். உடல் வந்து, மூக்கு வராத இடம் 6-ஐ ஒட்டி. பேஸையும் 5-இல் தொடங்க வேண்டாம். 0-விலிருந்து ஏற்றி, கனம் வந்ததும் நிறுத்துங்கள். 8 அங்குல ஸ்பீக்கரால் ஆழமான பேஸைத் தர முடியாது. குமிழை மேலும் திருப்பினால் ஸ்பீக்கர் திணறும் சத்தம்தான் கிடைக்கும். 4-இல் நின்றுவிட்டால் நல்லது. மிடில் ஏறியதில் மொத்தமும் ஏறியிருக்கும். ஆகவே மாஸ்டரைச் சற்றுக் குறைத்து, மறுபடி ட்ரெபிளுக்குப் போய் அரைப் புள்ளி இறக்குங்கள். இந்தத் திரும்பிப் போதலைப் பலர் விட்டுவிடுகிறார்கள். குமிழ்கள் பிணைந்திருப்பதால் இது இல்லாமல் வேலை முடியாது.

சிங்கிள் காயில் கிட்டாராக இருந்தால் இதே ஆம்பில் கெயின் ஒரு புள்ளி கூடுதலாகவும் ட்ரெபிள் ஒரு புள்ளி குறைவாகவும் தேவைப்படும்.

இந்த ஒலியை அப்படியே இசைக்குழுவுக்குக் கொண்டுபோக முடியாது. சத்தம் குறைவாக இருக்கும்போது காது பேஸையும் உச்ச ஒலிகளையும் குறைத்தே கேட்கிறது. 1933-இல் பெல் ஆய்வகத்தின் ஃப்ளெட்சரும் மன்சனும் இதை அளந்து காட்டினார்கள். எனவே படுக்கையறையில் மனம் மிடிலைக் குறைத்து ஓரங்களை ஏற்றச் சொல்லும், அது இனிமையாகவும் இருக்கும். மாஸ்டரை ஏற்றியதும் அதே பேஸ் வீங்கிவிடும். பேஸ் கிட்டாரின் தடித்த கம்பி 41 ஹெர்ட்ஸில் தொடங்குகிறது, கிக் ட்ரம்மும் அந்தப் பக்கம்தான், மேலே சிம்பல்கள். கிட்டாருக்கு மிச்சமாவது நடுப்பகுதி மட்டுமே, அதைத்தான் நீங்கள் வெட்டி எறிந்திருப்பீர்கள். மேலே சொன்ன ஒலியைக் குழுவில் வாசிக்க மிடிலை 7, 8-க்கு ஏற்றி, பேஸை 3-க்கு இறக்கி, கெயினை ஒரு புள்ளி குறையுங்கள். தனியாகக் கேட்டால் அது கொஞ்சம் அசிங்கமாக இருக்கும். இருக்கட்டும்.

மிடில் குமிழே இல்லாத ஆம்ப்களும் உண்டு. பெரும் புகழ்பெற்ற ஃபெண்டர் டீலக்ஸ் ரிவெர்பிலேயே கிடையாது. உள்ளே ஒரு நிலையான மின்தடை அந்த வேலையைச் செய்கிறது. அப்படிப்பட்டதில் பேஸையும் ட்ரெபிளையும் சேர்த்து இறக்கி வால்யூமை ஏற்றினால், ஓரளவு மிடிலை ஏற்றியதாகவே ஆகும். ஆனால் இன்னும் வாங்கவில்லை, ஒரே விலையில் இரண்டு பயிற்சி ஆம்ப்கள் முன்னால் இருக்கின்றன என்றால், பத்து எஃபெக்ட்கள் உள்ளதை விட்டுவிட்டு, கெயினும் மாஸ்டரும் தனித்தனியாக இருந்து மிடில் குமிழும் உள்ளதை எடுங்கள்.